கணவர் பெயர் மட்டும் தெரியும்: பாட்டியின் பிறந்த வீட்டை எந்த வழியில் தேடுவது?

என் தந்தையின் பாட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த ஒரே எழுத்துச் சான்று 1938ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரம் ஒன்றுதான். அதில் அவர் "காலஞ்சென்ற இன்னார் பாரியாள்" என்று வருகிறார். பெயரும் "சுமார் 34" என்று வயதும் பெருவிரல் ரேகையும் இருக்கின்றன. பிள்ளைகள் மைனர்கள் என்பதால் அவர்களுக்குக் கார்டியனாகவும் அவரே கையெழுத்திடுகிறார். யாருடைய மகள், எந்த ஊரில் பிறந்தவர் என்பதற்கு அந்த நான்கு பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை.

குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைப் பற்றித்தான். கையில் இருப்பது கணவரின் பெயர் மட்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதா, சொந்தக்காரர் வீடுகளில் பழைய நோட்டுகளைத் தேடுவதா, கோவில், சர்ச், பள்ளிக்கூடப் பதிவேடுகளைப் பார்ப்பதா? மூன்றும் வழிகள்தான். ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. இது புரியாமல் தவறான கதவை முதலில் தட்டிய பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகவே ஒரு பெண்ணின் "பிறந்த வீட்டுப் பெயர்" என்றால் நாம் தேடுவது மூன்று செய்திகளை: தந்தையின் பெயர், பிறந்த ஊர், அந்த வகையறா. ஒரு வழி இவற்றில் எதைத் தருகிறது என்பதே முதல் அளவுகோல்.

அவர் வாழ்ந்த காலத்தில் அந்தப் பதிவு இருந்ததா என்பது இரண்டாவது. 1920இல் மணமான இந்துப் பெண்ணுக்குத் திருமணச் சான்றிதழைத் தேடுவது வீண் வேலை. இந்துத் திருமணச் சட்டமே 1955இல்தான் வந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல் வந்தது.

மூன்றாவது அளவுகோலைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை: அந்தப் பதிவு யாருடைய பார்வையில் எழுதப்பட்டது? கணவர் வீட்டார் எழுதிய எதிலும் அவர் "இன்னார் மனைவி"தான். பிறந்த வீட்டார் எழுதியதில், அல்லது பிறந்த வீட்டின் உரிமையோ கடமையோ பேசப்படும் இடத்தில்தான் அவர் "இன்னார் மகள்" ஆகிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வீண் அலைச்சல் குறையும்.

நான்காவது, மறைந்திருக்கும் செலவு. பணத்தை மட்டும் சொல்லவில்லை. நாள்களும் சிலசமயம் உறவுகளும் செலவாகும்.

வழிகளுக்குள் போகுமுன் எல்லோரும் முதலில் தேடிப்போகும் இரண்டு பதிவுகளைச் சொல்லிவிடுகிறேன். பழைய இறப்புச் சான்றிதழ்களில் "தந்தை / கணவர் பெயர்" என்று ஒரே கட்டம்தான் இருந்தது. மணமான பெண்ணுக்கு அதில் கணவர் பெயரையே எழுதிவிடுவார்கள். வாக்காளர் பட்டியலிலும் உறவினர் பெயருக்கு ஒரே இடம்தான். தந்தை வீட்டில் இருந்தபோது பதிவாகியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் 1989 வரை வாக்குரிமை வயது 21. அந்தக் காலத்துப் பெண்கள் பெரும்பாலோர் அதற்குள் கணவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால் பட்டியலில் அவர்கள் முதன்முதலாக வரும்போதே மனைவியாகத்தான் வருகிறார்கள்.

## முதல் வழி: சடங்கு விட்டுச்சென்ற தாள்கள்

மொய் நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிக் கணக்கு. பெட்டியடியில் கிடக்கும் இவற்றைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நம் சடங்குகளில் பெண்ணின் பிறந்த வீட்டுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று எப்போதும் உண்டு. அவர் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது அமரும் மடி தாய்மாமன் மடி. அவர் மகளின் திருமணத்தில் தாய்மாமன் சீர் வரும். கணவர் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணி வரும். அவரே இறந்தாலும் பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்தாக வேண்டும். மொய் எழுதுகிறவர் பெயருடன் ஊரையும் எழுதுவார். ஊர் தெரியாவிட்டால் மறுமொய் செய்ய முடியாது.

ஆகவே தேட வேண்டியது அவருடைய திருமண நோட்டை அல்ல. அது கிடைப்பது அரிது. கிடைத்தாலும் மாப்பிள்ளை வீட்டு மொய்தான் இருக்கும். தேட வேண்டியது அவர் பெற்ற பிள்ளைகளின் சடங்கு நோட்டுகளை. இதில் ஒரு தலைமுறை தவறினால் எல்லாம் தவறிவிடும். பேரனின் காதுகுத்தில் வரும் தாய்மாமன் மருமகளின் சகோதரர், பாட்டியின் சகோதரர் அல்ல. இந்தக் குழப்பத்தால் வேறு குடும்பத்தைத் தம் பாட்டியின் குடும்பமாக எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழி ஊரை ஏறக்குறைய உறுதியாகத் தரும். சகோதரர் பெயரைப் பெரும்பாலும் தரும். தந்தை பெயரை எப்போதாவதுதான் தரும். அதிலும் "தாய்மாமன்" என்று எழுதப்பட்டவர் உடன்பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடன்பிறந்தவர் இல்லாவிட்டால் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ அந்த இடத்தில் நின்று சீர் செய்வது முறை.

மாமன் மகள், அக்காள் மகள் என்று முறைக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சீர் கொண்டுவந்தவர் கணவர் வழியிலும் உறவு, மனைவி வழியிலும் உறவு. அங்கே "மாமன்" என்ற சொல்லை மட்டும் நம்பாமல், அவர் யார் வழியில் அந்த முறைக்கு வருகிறார் என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

பணச் செலவு ஏதும் இல்லை. மறைந்திருக்கும் செலவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் பட்டு அறிந்தேன். பல ஆண்டுகளாகப் போக்குவரத்து இல்லாத பிறந்த வீட்டு வாசலில் போய் நின்று, "எங்கள் பாட்டி உங்கள் வீட்டுப் பெண்" என்று சொன்னால் அங்குள்ளவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சொத்து. அத்தைக்குப் பங்கு கொடுத்தோமா, கையெழுத்து வாங்கினோமா என்ற அச்சம் அவர்களுக்கு நியாயமாகவே வரும். அந்த அச்சம் வந்தபின் ஒரு தாளும் வெளியே வராது. நான் முதல்முறை போனபோது நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள், நோட்டை எடுக்கவில்லை. அடுத்த முறை ஊருக்குப் பொதுவான ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து வம்ச வரைபடத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய் முதலில் அதைக் கொடுத்தேன். குலதெய்வம் எது, யார் யார் எப்போது இறந்தார்கள் என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். மறுவாரம் அவர்களே கூப்பிட்டார்கள்.

## இரண்டாம் வழி: பதிவுத்துறை ஆவணங்கள்

இங்கே பலர் செய்யும் தவறு, கணவர் ஊர் நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது. அதில் வருவதெல்லாம் கணவர் குடும்பத்துப் பத்திரங்கள். எத்தனை ஆண்டு பின்னே போனாலும் "பாரியாள்", "சம்சாரம்", "மனைவி" என்ற சொற்கள்தான் மாறும்.

தேட வேண்டியது அவருடைய தந்தையின் நிலம் கைமாறிய பத்திரத்தை. 1956 ஜூன் 17இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் முதல்நிலை வாரிசாக்கியது. அதற்குப் பிறகு உயில் எழுதாமல் தந்தை இறந்திருந்தால், சகோதரர்கள் நிலத்தைச் சிக்கலின்றி விற்கவோ பிரிக்கவோ சகோதரிகளின் கையெழுத்து தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் சகோதரிகள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம். அதில் அந்தப் பெண்ணை அடையாளம் காட்டும் வாசகம் "காலஞ்சென்ற இன்னார் குமாரத்தியும், இன்ன கிராமம் இன்னார் பாரியாளுமான" என்று இருக்கும். தந்தை பெயரும் கணவர் பெயரும் ஒரே வரியில் சேர்ந்து வரும் இடம் இது. இதைவிட உறுதியான சான்று இந்துக் குடும்பங்களில் கிடைப்பது கடினம். தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் மகள்களின் உரிமை விரிவானதால், பிற்காலத்தில் இத்தகைய பத்திரங்கள் இன்னும் கூடுதலாகக் கிடைக்கின்றன.

1956க்கு முன் இறந்த தந்தைகளுக்கு இந்த வழி குறுகிவிடுகிறது. அப்போது பார்க்க வேண்டியவை மகளுக்கு எழுதிவைத்த தான செட்டில்மெண்டுகள், மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலத்துக்கான எழுத்து, ஆண் வாரிசு இல்லாத வீட்டுச் சொத்து ஆகியவை. கணவர் ஊரில் அவர் பெயரில் தனியாக ஒரு துண்டு நிலம் இருந்தால், அதை விற்ற பத்திரத்தில் "எனக்கு ஸ்திரீதனமாகப் பாத்தியப்பட்ட" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வரியில் கொடுத்தவர் பெயர் இருக்கலாம்.

பத்திரத்தின் உடலை மட்டும் படித்து நிறுத்திவிடக் கூடாது. பின்பக்கத்தில் சார்பதிவாளரின் குறிப்பில் "இன்னாரென்று நிரூபித்தவர்கள்" என்று இருவர் பெயர் தந்தை பெயரோடும் ஊரோடும் இருக்கும். கைம்பெண் ஒருவர் தொலைவிலிருந்து கையெழுத்துப் போட வந்தால், கூட வருகிறவர் பல நேரம் உடன்பிறந்தவர்தான்.

தேடும் முறை இரண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு அலுவலகத்திலும் முதல் அட்டவணை ஆள்களின் பெயர் வழியாகவும், இரண்டாம் அட்டவணை சொத்து வழியாகவும் இருக்கும். சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம் என்பது அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு. 1975க்குப் பிந்தைய பெரும்பாலான பதிவுகளை `tnreginet.gov.in` தளத்திலேயே தேட முடியும். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இங்கேதான் நாள்கள் கரைகின்றன. எல்லை மாற்றங்களால் இன்று அந்தக் கிராமம் சேர்ந்திருக்கும் அலுவலகமும் 1960இல் சேர்ந்திருந்த அலுவலகமும் வேறாக இருக்கலாம். "இங்கே பதிவு இல்லை" என்ற பதில் பல சமயம் "வேறு அலுவலகத்தில் இருக்கிறது" என்று பொருள்படும்.

இந்த வழியின் பெரிய குறை, ஊர் தெரியாமல் இதில் இறங்க முடியாது என்பது. நிலமே இல்லாத குடும்பமாக இருந்தால் இந்தக் கதவு முற்றாக மூடியிருக்கிறது. நம் மக்களில் பெரும்பகுதியினரின் நிலை இதுதான்.

## மூன்றாம் வழி: சர்ச், ஜமாஅத், பள்ளிக்கூடப் பதிவேடுகள்

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இங்கே தொடங்குங்கள். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் பதிவேட்டுப் படிவத்திலேயே மணமக்கள் இருவரின் தந்தை பெயருக்கும் கட்டம் உண்டு. கத்தோலிக்கர் வழக்கில் இன்னொரு வசதியும் இருக்கிறது. திருமணம் மணமகளின் பங்குக் கோவிலில் நடப்பதே அக்காலப் பொதுவிதி என்பதால், கணவர் ஊர்க் கோவிலில் பதிவு இல்லாவிட்டால் அதுவே ஒரு துப்பு. 1908 முதல், திருமணம் நடந்த செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவேட்டில் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அக்கம்பக்கத்துப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேட்டு ஓரங்களில் கணவர் பெயரைத் தேடிப் பெண்ணைக் கண்டுபிடிக்கலாம். பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும். பெயர்கள் இலத்தீன் வடிவம் பெற்றிருக்கும். வீட்டில் அழைத்த தமிழ்ப் பெயர் அங்கே இல்லாமலும் போகலாம்.

முஸ்லிம் குடும்பங்களில் ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டில் மணமகளின் தந்தை பெயரும் வலியாக, அதாவது மணமகளின் பொறுப்பாளராக நின்றவர் பெயரும் இருக்கும். நகரத்தார் குடும்பங்களில் திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானம் இரு வீட்டையும் சொல்லும்.

சமயம் எதுவானாலும், அவர் ஓரிரு ஆண்டு பள்ளிக்குப் போயிருந்தால் அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயருடன்தான் இருப்பார். ஊர் தெரிந்து, 1930க்குப் பிறகு பிறந்தவர் என்றால் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு முந்தையவர்களுக்கு வாய்ப்பு குறைவு.

இந்த வழியில் பணம் அதிகம் ஆகாது. ஆனால் பதிவேட்டைக் காட்டுவதும் காட்டாததும் பெரும்பாலும் பொறுப்பில் இருப்பவரின் விருப்பம். கிறிஸ்தவத் திருமணப் பதிவேட்டைத் தவிர மற்றவற்றில் சட்டம் உங்களுக்குப் பெரும்பாலும் துணை வராது. ஆண்டைத் தோராயமாகவாவது சொல்லாமல் போனால், தேடித்தர அவர்களுக்கும் நேரம் இருக்காது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சடங்குத் தாள்கள் | பதிவுத்துறை | சமய, பள்ளிப் பதிவேடு |
|---|---|---|---|
| உறுதியாகத் தருவது | ஊர், வகையறா | தந்தை பெயர் | தந்தை பெயர், சில சமயம் ஊர் |
| தொடங்கத் தேவை | பிள்ளைகளின் சடங்கு நோட்டு | பிறந்த ஊர் | தோராய ஆண்டு, கோவில் அல்லது பள்ளி |
| மறைந்திருக்கும் செலவு | சொத்துக் கேட்க வந்தவர் என்ற ஐயம் | அலைச்சல், மாறிய எல்லைகள் | அனுமதி கிடைக்காமை |
| ஏமாற்றும் இடம் | உடன்பிறவாத தாய்மாமன் | ஒரே பெயருடைய இருவர் | மாறிய பெயர் |
| பொருந்துவது | பெரும்பாலும் எல்லோருக்கும் முதல் படி | நிலமுள்ள குடும்பம், 1956க்குப் பின் | கிறிஸ்தவர், முஸ்லிம், படித்த பெண்கள் |

நிலமும் இல்லை, பதிவேடும் இல்லை என்றால் முதல் வழி ஒன்றே மிச்சம். அங்கே தந்தை பெயர் வராவிட்டாலும் ஊரும் குலதெய்வமும் கிடைத்தால், குலதெய்வக் கோவிலில் படையலுக்கு வரும் பங்காளிகளைக் கேட்டுப் பெயரை நெருங்கலாம்.

## எங்கள் பாட்டியைக் கண்டுபிடித்த விதம்

நானும் முதலில் தவறான கதவைத்தான் தட்டினேன். கணவர் ஊர் நிலத்துக்கான வில்லங்கத்தில் இரண்டு மாதம் போனது. பிறகு அவருடைய மகளுக்கு 1949இல் நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டு ஒரு அத்தை வீட்டில் கிடைத்தது. முதல் வரியில் தாய்மாமன் சீர், ஒருவர் பெயர், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஓர் ஊர். எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத ஊர் அது. அந்தத் தாய்மாமனின் தந்தையே பாட்டிக்கும் தந்தை என்று வம்ச வரைபடத்தில் எழுதியும்விட்டேன்.

அந்த ஊர்ப் பதிவுகளில் தாய்மாமன் பெயரில் தேடியபோது 1961இல் அவர் ஒரு நஞ்சைத் துண்டை விற்ற பத்திரம் வந்தது. அதில் பாட்டியின் பெயர் இல்லை. சகோதரி என்று யாரும் கையெழுத்திடவில்லை. ஏமாற்றம்தான். ஆனால் நான்கெல்லையில் வடக்கே "காலஞ்சென்ற இன்னார் வாரிசுகள் நிலம்" என்று இன்னொரு பெயர் இருந்தது. பங்காளிகள் பிரித்துக்கொண்ட நிலம் ஒட்டி ஒட்டித்தான் கிடக்கும். அந்த அடுத்த வயலின் சர்வே எண்ணைக் கண்டறிந்து சொத்து அட்டவணை வழியாகத் தேடச் சொன்னேன். 1963ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம் வந்தது. எழுதிக்கொடுத்த மூவரில் இரண்டாமவர் எங்கள் பாட்டி. எல்லையில் இருந்த அந்தப் பெயர்தான் அவர் தந்தை.

அந்த ஊருக்கு இரண்டாம் முறை போனபோது விவரம் தெரிந்தது. சொந்தத் தம்பி 1949இல் மலேயாவில் இருந்தார். அதனால் பெரியப்பா மகன் சீர் கொண்டுவந்தார். நோட்டு பொய் சொல்லவில்லை; நான்தான் அது சொல்லாததையும் சேர்த்துப் படித்துவிட்டேன்.

இது நம் பாட்டிதான், பெயர் ஒற்றுமை அல்ல என்று எப்படி உறுதி செய்வது? பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். தலைப்பெழுத்தும் உதவாது, மணமானபின் அது தந்தையுடையதிலிருந்து கணவருடையதாக மாறிவிடும். நான் மூன்று பொருத்தங்களைக் கேட்டேன். 1963ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அவருடைய கணவர் பெயரும் கணவரின் ஊரும் 1938ஆம் ஆண்டுப் பத்திரத்தோடு ஒத்திருந்தன. வயது "சுமார் 60" என்று இருந்தது. 1938இல் 34 என்றால் 59 வர வேண்டும். பத்திர வயதில் ஓரிரண்டு ஆண்டு ஏற்ற இறக்கம் இயல்பு, பத்து ஆண்டு வித்தியாசம் வந்தால் ஐயப்பட வேண்டும். மூன்றாவதாக, கையெழுத்துப் போட அவருடன் வந்து "இன்னாரென்று நிரூபித்த" இருவரில் ஒருவர் அவருடைய மூத்த மகன், என் தாத்தா.

அந்தப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர்களில் முதலாமவர் பாட்டியின் தாயார். அப்போது அவருக்கு "சுமார் 80" வயது, கைநாட்டு. அவரும் "காலஞ்சென்ற இன்னார் பாரியாள்" என்றுதான் இருக்கிறார். கொள்ளிட வடகரை ஊரில் அவர் பிள்ளைகளுக்கு நடந்த சடங்கு நோட்டுகள் யாரிடமாவது இருக்கின்றனவா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.